நாலு அரியர், மூணு சீட்டு, ஒரு நன்றிக் கடிதம்!

ஜோசியம் சொல்பவர்களுக்கு வரும் கடிதங்கள் இரண்டு ரகம். 'நீங்க சொன்னது நடக்கலை' என்பது முதல் ரகம். 'நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சு, ரொம்ப நன்றி' என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது ரகம் கொஞ்சம் அபூர்வம். காரியம் நடந்துவிட்டால் அது நம்ம சாமர்த்தியம், நடக்காவிட்டால்தானே ஜோசியர் மேல் பழி!

சென்னையில் டாரட் சீட்டு பார்க்கும் ஒரு மேடத்துக்கு அந்த இரண்டாவது ரகத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கூரியர் ஆபீஸில் பில் போடும் இளைஞர். இரண்டு பேருக்குமே பெயர் போடுவதில் இஷ்டமில்லை. கடிதத்தை மட்டும் படித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

'மேடம், ஞாபகம் இருக்கா? நாலு அரியர்னு சொல்லி உங்க முன்னாடி உட்கார்ந்தவன். மூணு க்ளியர் பண்ணிட்டேன். காஸ்ட் அக்கவுண்டிங் மட்டும் பாக்கி, அடுத்த தடவை எழுதறேன். நீங்க சீட்டுல சொன்னது அப்படியே பலிச்சுடுச்சு. ஆறு வருஷமா பரணில் கிடந்த புஸ்தகத்தை இறக்கினது உங்களாலதான். ரொம்ப நன்றி.'

படித்துவிட்டு மேடம் சிரித்தாராம். "நான் சொன்னது பலிச்சுதுன்னு எழுதியிருக்கார். நான் எதையுமே சொல்லலையே, கேள்விதானே கேட்டேன்!"

விஷயம் அங்கேதான் இருக்கிறது.

டாரட் என்பது கிளி இல்லாத கிளி ஜோசியம் என்று சிலர் நினைக்கிறார்கள். மொத்தம் 78 சீட்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் சீட்டாடத்தான் இதைச் செய்தார்கள். குறி பார்க்கும் பழக்கம் பரவியது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். இப்போது அதிகம் புழங்கும் படங்கள் 1909-ல் லண்டனில் வெளியானவை. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. பெரும்பாலான சீட்டுகளில் ஒரு மனிதர், ஒரு சம்பவம். சினிமா ஸ்டில் மாதிரி. பார்த்தவுடன் கதை கட்டத் தோன்றும்.

நம்ம இளைஞர் முதலில் கேட்ட கேள்வி: "நான் டிகிரி முடிப்பேனா, மாட்டேனா?"

"இந்தக் கேள்விக்குச் சீட்டு எடுக்க மாட்டேன் தம்பி" என்றாராம் மேடம். "முடிப்பேன்னு வந்தா வீட்டுக்குப் போய்த் தூங்குவீங்க. மாட்டேன்னு வந்தா அழுதுட்டுத் தூங்குவீங்க. ரெண்டுலேயும் தூக்கம்தான். வேற மாதிரி கேளுங்க."

கடைசியில் கேள்வி இப்படி மாறியது: 'நான் திரும்பப் படிக்கிறதைத் தடுக்கிறது எது? முதல்ல என்ன செய்யணும்?' அதற்கு மூன்று சீட்டு. மனசில் இருப்பது ஒன்று, தடை ஒன்று, அடுத்த அடி ஒன்று.

முதலில் வந்தது கோப்பை ஐந்து. கறுப்பு அங்கி போட்ட ஒருவர் தலையைக் குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"மொத்தம் எத்தனை பேப்பர்?"

"முப்பது மேடம்."

"பாஸ் எத்தனை?"

விரல் விட்டு எண்ணினார். இருபத்தாறு! அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், கடைசி வருஷம் காலேஜை விட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்து, 'நாலு அரியர்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். 'இருபத்தாறு பாஸ்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

இரண்டாவது, வாள் எட்டு. கண் கட்டப்பட்ட ஒரு பெண், உடம்பைச் சுற்றிக் கட்டு, பின்னால் எட்டு வாள்கள். பார்த்தால் பகீரென்று இருக்கும். மேடம் விளக்கம் சொல்லவில்லை. "எது கட்டியிருக்கு, எது கட்டலை, பாருங்க" என்றார். இளைஞர் உற்றுப் பார்த்தார். கால் கட்டப்படவில்லை. முன்பக்கம் வாளும் இல்லை.

"உங்களை எது கட்டியிருக்கு?"

"டைம் முடிஞ்சு போயிருக்கும் மேடம். இனிமே எழுத விடமாட்டாங்க."

"யார் சொன்னாங்க?"

பதில் இல்லை. யாருமே சொல்லவில்லை. ஆறு வருஷமாக அவரே சொல்லிக்கொண்டது.

மூன்றாவது, காசு எட்டு. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பையன் உளியால் ஒரு வட்டக் காசைச் செதுக்குகிறான். செதுக்கி முடித்தவை பக்கத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. கையில் இருப்பது ஒன்றே ஒன்று. "ஒரு சமயத்துல ஒண்ணு" என்றார் இளைஞர், தானாகவே.

"எழுத விடுவாங்களா இல்லையான்னு இந்தச் சீட்டுக்குத் தெரியாது. பரீட்சை செக்‌ஷனுக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை போய்க் கேளுங்க" என்று அனுப்பி வைத்தார் மேடம்.

போனார். அரை நாள் பெர்மிஷன், மூன்று கவுண்டர், இரண்டு 'சாப்பாட்டு நேரம்'. தெரிந்துகொண்டது இவ்வளவு: டிகிரியை முடிக்கக் கெடு உண்டு, அவருடைய கெடு இன்னும் தாண்டவில்லை. ஆனால் பாக்கி இருப்பது இரண்டே இரண்டு பரீட்சைதான்! நாலில் ஒரு பேப்பர் புது சிலபஸில் காணாமல் போயிருந்தது. அதற்குச் சமமாக வேறொரு பேப்பர் எழுத வேண்டும். பழைய புஸ்தகத்தை மட்டும் நம்பிப் படித்திருந்தால் கேள்வித்தாளைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பார். அடுத்த வருஷம் போயிருந்தால் கவுண்டரிலேயே விழுந்திருப்பார்.

அப்புறம் தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் ஒரு கணக்கு. ஒன்றே ஒன்று. பில் போட்டுப் பழகிய கைக்குக் கம்பெனி அக்கவுண்ட்ஸ் முன்னைவிடச் சுலபமாக வந்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சரி, சீட்டில் என்ன மந்திரம்? 78 சீட்டில் மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள் உண்டு. வேறு மூன்று வந்திருந்தால்? "அதை வெச்சு அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்" என்கிறார் மேடம், கூச்சமே இல்லாமல். படம் ஒரு சாக்கு. 'நீ ஏன்டா படிக்கலை?' என்று அப்பா கேட்டால் கோபம் வரும். படத்தில் இருக்கும் ஆசாமியைப் பற்றிப் பேசச் சொன்னால், நம்மைப் பற்றி நாமே உளறிவிடுகிறோம்.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. பொதுவாகச் சொல்லும் எதுவும் நமக்கென்றே சொன்னது போலத் தோன்றும். ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் 1948-ல் தன் மாணவர்களுக்கு 'உன் குணம் இதுதான்' என்று தனித்தனியே தாள் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரியாக நாலுக்கு மேல் மார்க் போட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, எல்லார் கையிலும் இருந்தது ஒரே வாசகம்!

அதனால் சீட்டு பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 'பாஸாகிவிடுவாய்' என்று தேதியோடு சொல்பவர், 'தடை இருக்கு, கழிக்க இவ்வளவு ஆகும்' என்று ரேட்டை ஏற்றுபவர், நல்ல சீட்டு வரும் வரை திரும்பத் திரும்பக் கலைத்துப் போடுபவர், இந்த மூவரிடமும் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடலாம். வெளியே வரும்போது கையில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தால், கொடுத்த காசு வீண் இல்லை.

"கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டலையா மேடம்? நல்ல விளம்பரமாச்சே?"

"மாட்டினா அடுத்து வர்ற தம்பி அதைப் படிச்சுட்டு, 'எனக்கும் பாஸ் போடுங்க'ன்னு கேட்பாரு. அப்புறம் பரீட்சை செக்‌ஷனுக்கு யார் போறது?"

கடிதம் அவர் மேஜை டிராயரில் இருக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் ரிசல்ட் வந்ததும் அடுத்த கடிதம் வரவேண்டும். என்ன வரும் என்று சீட்டு போட்டுப் பார்க்கவில்லையாம்!