முதல் படத்தில் கிழிந்த பக்கம்

என் அண்ணன் மகள் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தாள். 2024 மே மாதம், விடுதியைக் காலி செய்துகொண்டிருந்த இறுதியாண்டு அக்காக்களிடம் 23 புத்தகங்களைக் குத்துமதிப்பாக 1,500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டாள். அவர்களுக்கு ஊருக்குச் சுமந்துபோகும் தொல்லை விட்டது. இவளுக்கோ, இணையத்தில் போட்டால் ஒரே மாதத்தில் இரண்டு மடங்காகிவிடும் என்ற கணக்கு. ஒரு புத்தகத்துக்கு அடக்கம் ஏறத்தாழ 65 ரூபாய்தானே!

பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் விலையில் பாதி என்று எல்லாவற்றுக்கும் விலை வைத்தாள். பத்து நாள் ஒருவரும் வாங்கவில்லை. "சித்தப்பா, பாதி விலைக்குக் குடுத்தாலும் எவனும் சீண்ட மாட்டேங்கிறான்" என்று போனில் புலம்பினாள்.

ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். திரவ இயக்கவியல் புத்தகம், அச்சிட்ட விலை 600. அவள் 300 என்று போட்டிருந்தாள், கூரியர் செலவு 90 தனி. ஆக, வாங்குபவர் கையைவிட்டுப் போவது 390. அதே புத்தகம் புதிதாக, தள்ளுபடி போக, வீட்டு வாசலுக்கே 450 ரூபாய்க்கு வருகிறது. அறுபது ரூபாய் மிச்சத்துக்காக யார் பழைய புத்தகம் வாங்குவார்கள்? அட்டையில் அச்சிட்ட விலையை யாரும் கொடுப்பதில்லை. அதில் பாதி போட்டு என்ன பயன்?

ஆகவே கணக்கை வாங்குபவர் பக்கத்திலிருந்து தொடங்கினாள். புதியது 450 என்றால், பழையது எல்லாச் செலவும் சேர்த்து 300க்குள் வந்தால்தான் கை நீளும். அந்த 300இல் கூரியர் 90, கட்டுமானச் செலவு 10, அடக்கம் 65 போக மிஞ்சுவது 135 ரூபாய். இதில் அவள் கண்டுபிடித்த ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. புத்தகத்தின் எடை 970 கிராம். அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டியதும் 1,040 கிராம் ஆகிவிட்டது. கூரியர்காரர்கள் எடையைப் படிப்படியாகப் பிரித்துக் கட்டணம் போடுவதால், ஒரு கிலோவைத் தாண்டிய அந்த 40 கிராமுக்கு 15 ரூபாய் கூடுதல். பெட்டியை விட்டுவிட்டு, செய்தித்தாளும் பிளாஸ்டிக் உறையுமாகச் சுற்றி 995 கிராமுக்குக் கொண்டுவந்தாள். லாபம் 150 ஆனது. சமையலறைத் தராசு அன்றிலிருந்து விடுதி அறைக்குக் குடிபோய்விட்டது.

எல்லாப் புத்தகத்துக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் 'ரெகுலேஷன்' என்ற பெயரில் மாறிக்கொண்டே இருக்கும். 2020இல் சேர்ந்த அக்காக்கள் படித்தது 2017 ரெகுலேஷன். இவள் படித்தது 2021. அவர்களுடைய முதல் பருவக் கணிதம் எம்.ஏ. 8151, இவளுடையது எம்.ஏ. 3151, பாடத்தின் பெயரும் வேறு. தேர்வை மட்டும் குறிவைத்து உள்ளூர் ஆசிரியர்கள் எழுதும் புத்தகங்களில் பாட எண்ணை அட்டையிலேயே பெரிதாகப் போட்டிருப்பார்கள். எண் மாறினால் புத்தகம் செத்தது. அப்படி நான்கு, பழைய பேப்பர் கடைக்குக் கிலோ 12 ரூபாய்க்குப் போயின. கிரேவால் எழுதிய கணிதப் புத்தகம் போன்ற தடிமன்களுக்கு இந்தக் கவலை இல்லை. எந்த ரெகுலேஷன் வந்தாலும் வகைநுண்கணிதம் வகைநுண்கணிதம்தான்.

அப்படி விலை இறங்காத இன்னொரு சரக்கு, பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக். இயந்திர உறுப்புகளை வடிவமைக்கும் தேர்வுக்கு இதைக் கையோடு கொண்டுபோகலாம். அனுமதி உண்டு என்று கேள்வித்தாளின் தலையிலேயே போட்டிருக்கும். உள்ளே அட்டவணைகளும் சூத்திரங்களும் அச்சில் இருக்கலாம், கையெழுத்து ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அது புத்தகமல்ல, பிட்டு.

அவளிடம் இருந்த பிரதியை மேலாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'எழுத்து இல்லாத சுத்தமான பிரதி' என்று போட்டு, கூரியர் உட்பட 260 ரூபாய்க்குத் திருநெல்வேலிப் பையன் ஒருவனுக்கு விற்றாள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவனிடமிருந்து போன். "அக்கா, எழுத்து இல்லைன்னுதானே போட்டிருந்தீங்க? பற்சக்கரப் பக்கத்துல பென்சில்ல ஸ்டெப் ஸ்டெப்பா எழுதியிருக்கு."

"அழிச்சிரலாமேப்பா" என்றாள் இவள்.

"அழிச்சுப் பாத்துட்டேன்க்கா. எழுத்து போயிருச்சு, தடம் போகலை. சாய்ச்சுப் பிடிச்சா வாசிக்க முடியுது."

தேர்வறையில் அது பிடிபட்டிருந்தால், எழுதியது எவளோ ஒரு அக்கா என்று அவன் சொல்லி யார் நம்புவார்கள்? அவன் நண்பனிடம் இரவல் வாங்கிச் சமாளித்தான். இவள் 260 ரூபாயையும் திருப்பி அனுப்பினாள். புத்தகத்தைத் திரும்பக் கேட்கவில்லை. நான் பொய் சொல்லலையே சித்தப்பா, பார்க்காமல்தானே சொன்னேன் என்று கேட்டாள். பார்க்காமல் 'இல்லை' என்று எழுதுவதும் பொய்தான் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கியவர்களுக்குத் தெரியும்: நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுத்தான் விலையே கேட்போம். இணையத்தில் வாங்குபவருக்கு அந்தக் கை கிடையாது. விற்பவர் கண்ணால்தான் அவர் பார்க்க வேண்டும்.

இதை ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாமென்று திருப்பிய அந்தக் கட்டுரைக்காகத்தான் 2001இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நம் புத்தகத்தையே வைத்துப் பார்ப்போம். சந்தையில் பத்துப் பிரதிகள். ஐந்து நல்லவை, 300 பெறும். ஐந்து மோசம், 100தான் பெறும். எது எது என்று தெரியாதவர் நடுவில் 200 தருவார். 200க்கு நல்ல பிரதிக்காரர் விற்பாரா? எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார். மிஞ்சுவதெல்லாம் மோசம் என்று தெரிந்ததும் விலை நூறாகும். நல்ல சரக்கு வைத்திருப்பவர், தன் சரக்கு நல்லது என்று நம்பவைக்க முடியாததாலேயே நஷ்டப்படுகிறார்.

அண்ணன் மகள் அகர்லாஃபைப் படித்ததில்லை. ஆனால் அடுத்த வாரமே முறையை மாற்றினாள். ஒவ்வொரு புத்தகத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, தாள் தாளாகப் பார்த்தாள். அப்போது சிக்கியவை இரண்டு. ஒன்றில் வரைபடங்கள் சாம்பல் பூத்துக் கலங்கியிருந்தன. நூலகப் பிரதியோடு ஒப்பிட்டால் தாளும் மெலிது. திருட்டு அச்சு. நாம் காசு கொடுத்து வாங்கிய அசல் பிரதியை மறுபடி விற்கச் சட்டம் தடுப்பதில்லை. திருட்டுப் பிரதியை விற்பது குற்றம். அதை ஓரமாக வைத்துவிட்டாள்.

இன்னொரு புத்தகத்தில் 192ஆம் பக்கத்துக்கு அடுத்து 209. பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் பைண்டிங்கில் விடுபட்டிருக்கிறது. இதற்கு 120 ரூபாய் போட்டு, பளபளக்கும் அட்டையை விட்டுவிட்டு, 192க்கும் 209க்கும் நடுவே விரல் வைத்த படத்தை முதல் படமாகப் போட்டாள். அன்று மாலையே போய்விட்டது. விடுபட்ட பக்கங்களை நூலகத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வதாக வாங்கியவர் சொன்னாராம். அதன்பின் 'குறை எதுவும் இல்லை' என்று அவள் போட்ட புத்தகங்களுக்கு அநேகமாக யாரும் பேரம் பேசவில்லை. இது எனக்கே ஆச்சரியம்தான்.

ஆண்டு முடிவில் கணக்கு இது: 17 புத்தகம் விற்று, செலவு போக 3,060 ரூபாய். நான்கு பேப்பர் கடைக்கு, 36 ரூபாய். முதல் 1,500ஐயும் திருப்பிக் கொடுத்த 260ஐயும் கழித்தால் கையில் நின்றது 1,336. ஒன்று அவளே படிக்க வைத்துக்கொண்டது. இன்னொன்று அந்தத் திருட்டு அச்சு. இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.