கயிற்றின் விலைக்குள் இருந்த வரி

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் வலை ஒரு காலத்தில் வீட்டில் பிறந்தது. பருத்தி நூலை வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து பின்னினார்கள். உப்புநீரில் சீக்கிரம் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்துக் காயப்போட்டார்கள். கடைக்குப் போய் வாங்க வேண்டியிருந்தது நூல் மட்டும்தான். அதற்கும் பலரிடம் ரொக்கம் இருக்காது. மீன் வாங்கும் வியாபாரியே முன்பணம் கொடுப்பார், பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும். அவருடைய நோட்டில் நூலுக்கு ஒரே ஒரு தொகை எழுதியிருக்கும். அதில் சரக்கின் விலை எவ்வளவு, வரி எவ்வளவு என்று ஏரிக்கரையில் யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லக்கூடியவர் அங்கே இல்லை.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டத்தில் பெரும்பாலான சரக்குகளுக்கு மாநிலத்துக்குள் நடக்கும் முதல் விற்பனையிலேயே வரி முடிந்துவிடும். அதற்கும் முன்னால், ஆலை வாசலில் மத்திய அரசின் கலால் வரி விழுந்திருக்கும். மொத்த வியாபாரி, பொன்னேரிக் கடைக்காரர், பழவேற்காட்டுக் கடைக்காரர் என்று கைமாறி, ஏரியைக் கடந்து பசியாவரத்துக்கு வரும்போது அந்த வரிகள் விலையோடு கரைந்து ஒன்றாகியிருக்கும். கடைசிக் கடைக்காரர் நேர்மையாகப் பிரித்துச் சொல்ல நினைத்தாலும் அவரிடம் அதற்கான எண் கிடையாது. 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி வந்து ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரி தெரியத் தொடங்கியது. ஆனால் கலால் வரி மட்டும் உள்ளேயே மறைந்திருந்தது.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் நிலைமை மாறியது. பதிவு பெற்று வரி வசூலிக்கும் கடையின் விலை எதுவானாலும் அதை அடிப்படை விலை, வரி என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். வரி விகிதம் தெரிந்தால் போதும். மீனவர்கள் வாங்கும் சரக்கில் இது மிகவும் தேவைப்படுகிறது. வலையும் கயிறும் பெரும்பாலும் எடை போட்டு விற்கப்படுபவை. சோப்புக்கட்டியில் இருப்பதுபோல அவற்றில் அச்சிட்ட அதிகபட்ச விலை இருக்காது, கடைக்காரர் சொல்வதுதான் விலை.

2025 கோடையில் பழவேற்காட்டுக் கடை ஒன்றில் போட்ட பில்லாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். வலை 2,625 ரூபாய், நைலான் கயிறு 700 ரூபாய், படகுக்கு அடிக்கும் பெயிண்ட் 590 ரூபாய். மொத்தம் 3,915. எல்லாமே வரி உட்பட்ட விலை. அன்று வலைக்கு 5 சதவீதம், கயிற்றுக்கு 12, பெயிண்டுக்கு 18.

இங்கே பலர் முதல் அடியிலேயே வழுக்குகிறார்கள். 590 ரூபாய் பெயிண்டுக்கு 18 சதவீதம் என்றால் வரி 106 ரூபாய் 20 பைசா என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் 18 சதவீதம் என்பது அடிப்படை விலைக்கு மேல் ஏற்றியது. 590 என்பது 100 பங்கும் 18 பங்கும் சேர்ந்த 118 பங்கு. ஆகவே 590ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். வரி 90, அடிப்படை விலை 500. ஜிஎஸ்டி விதிகளில் 35ஆம் விதி சொல்வதும் இதே கணக்குதான்:

```
வரி = விலை × விகிதம் ÷ (100 + விகிதம்)
```

கயிற்றின் 700 ரூபாயை 112ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் வரி 75, அடிப்படை 625. வலைக்கு இன்னும் எளிது. 105இல் 5 என்பது 21இல் ஒரு பங்கு. 2,625ஐ 21ஆல் வகுத்தால் வரி 125, மீதி 2,500 வலையின் விலை. 5 சதவீதச் சரக்கு எதுவானாலும் 21ஆல் வகுத்தால் வரி வந்துவிடும், கால்குலேட்டர் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை என்பதால் ஒவ்வொரு வரியும் பில்லில் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று சரிபாதியாகப் பிரிந்திருக்கும்.

மூன்று வரிகளையும் கூட்டினால் 290. அடிப்படை விலைகளின் கூட்டல் 3,625. 3,625க்கு 290 என்பது சரியாக 8 சதவீதம். மூன்று பொருளில் எதற்கும் 8 சதவீத வரி கிடையாது. பில்லின் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரியைப் பிரிக்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. 5, 12, 18 மூன்றுக்கும் சராசரி எடுத்து மொத்தத்தில் போட்டால் வரி 409 ரூபாய் என்று வரும். 119 ரூபாய் பிசகு. வலையின் தொகை பெரியது, பெயிண்டின் தொகை சிறியது என்பதைச் சராசரி பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பிரித்துவிட்டுக் கடைசியில்தான் கூட்ட வேண்டும்.

கடைக்காரர் மூன்றையும் கட்டி ‘செட்’ என்று 3,915 ரூபாய்க்கு ஒரே விலையாகப் போட்டால் கணக்கே வேறு. ஒன்றோடொன்று இயல்பாகச் சேராத பொருட்களை ஒரே விலைக்கு விற்றால், அவற்றில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதமே முழுத் தொகைக்கும் பொருந்தும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 8ஆம் பிரிவு. அப்போது 290 இருந்த இடத்தில் வரி 597 ரூபாய் 20 பைசா ஆகிவிடும். பெயிண்ட் டப்பா ஒன்று சேர்ந்ததால் வலைக்கும் 18 சதவீதம். செட்டாகக் கொடுத்தாலும் பில்லில் தனித்தனி விலை போடச் சொல்வது அதனால்தான். வலையோடு கோத்துக் கட்டியே வரும் கயிறு இந்தக் கணக்கில் வராது. அங்கே முதன்மைப் பொருள் வலை, அதன் விகிதமே முழுவதற்கும்.

பிரித்துப் பார்ப்பது எதற்கு என்ற கேள்விக்கு என் பதில், வரி மாறும் நாளில் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த புதிதில் மீன்வலைக்கு 12 சதவீதம். 2017 நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் அதையும் தூண்டில் முள்ளையும் 5 சதவீதத்துக்குக் குறைத்தது. 7 சதவீதம் குறைந்ததென்றால் 2,800 ரூபாய் வலையில் 196 ரூபாய் குறைய வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தால் அது தவறு. 2,800இல் அடிப்படை விலை 2,500. அதற்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,625. நியாயமான குறைவு 175 ரூபாய். அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. வலைக்கு 5 ஆனபின்னும் நைலான் நூலுக்கு 12 சதவீதம் நீடித்தது. வலை செய்பவர் நூலுக்குக் கட்டிய வரி அதிகம், வலையில் வசூலித்தது குறைவு. அந்தச் சுமையில் ஒரு பங்கு விலைக்குள் புகுந்துகொள்ள இடமிருந்தது.

2025 செப்டம்பர் 22 அன்று 12 சதவீத விகிதமே எடுக்கப்பட்டது. கயிறும் நைலான் நூலும் 5 சதவீதத்துக்கு இறங்கின. பெயிண்ட் 18லேயே நின்றது. நம் பில்லில் மாற வேண்டியது கயிறு ஒன்றுதான். 625 ரூபாயும் அதற்கு 5 சதவீதமும் சேர்த்து 656 ரூபாய் 25 பைசா. ஆனால் கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்:

“அண்ணே, வரி கொறஞ்சிடுச்சின்னு டிவில சொன்னாங்களே, கயிறு ஏன் அதே எழுநூறு?”

“பழைய ஸ்டாக்கும்மா. பன்னெண்டு பர்சன்ட் கட்டி வாங்கினது.”

இந்தப் பதில் சரியா என்பது கடையைப் பொறுத்தது. கடைக்காரர் பதிவு பெற்று, வரி வசூலித்துக் கட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்தக் கயிற்றை 500 ரூபாயும் வரி 60 ரூபாயும் கொடுத்து வாங்கியிருப்பார். அந்த 60 அவருக்குச் செலவே இல்லை, அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவு. முன்பு 75 வசூலித்து, 60 கழித்து, 15 கட்டினார். இப்போது 31 ரூபாய் 25 பைசா வசூலித்தால் அது முழுவதும் கழிந்து, மிச்சமுள்ள 28 ரூபாய் 75 பைசா பெயிண்டு விற்ற வரியில் கழியும். அவர் லாபம் இரண்டு கணக்கிலும் 125 ரூபாய்தான். ஆகவே ‘பழைய ஸ்டாக்’ அவருக்குப் பொருந்தாது. 700 ரூபாய்க்கே விற்றால் 21ஆல் வகுத்துப் பாருங்கள். வரி 33 ரூபாய் 33 பைசா, கயிற்றின் விலை 666 ரூபாய் 67 பைசா. 625 இருந்த இடத்தில் 41 ரூபாய் 67 பைசா ஏறியிருக்கிறது. அரசு விட்டுக்கொடுத்த தொகை வந்து நின்ற இடம் அது.

தீவுக்குள்ளேயே இருக்கும் சின்னக் கடையின் கதை வேறு. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் சரக்கு விற்பவர் பதிவே செய்ய வேண்டியதில்லை. அவருக்கு அந்த 60 ரூபாய் திரும்பாது, 560 ரூபாயும் அவருடைய முதல். 700க்கு விற்றால் 140 லாபம், 656 ரூபாய் 25 பைசாவுக்கு விற்றால் 96 ரூபாய் 25 பைசாதான். அவர் பழைய ஸ்டாக் என்று சொன்னால் அது உண்மை. அந்தச் சரக்கு தீர்ந்து புதுக் கொள்முதல் வந்தபின் மட்டுமே அவரிடம் குறைந்த விலையைக் கேட்கலாம். இணக்க முறையில் விற்பனையின் மேல் ஒரு சதவீதம் கட்டும் கடைக்கும் வரவு கிடையாது, இதே கணக்குதான். இந்த இரண்டு வகைக் கடையும் பில்லில் வரி என்று தனியாக எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்திருந்தால் அது வரி இல்லை, கூடுதல் விலை.

எந்தக் கடை எது என்று பில்லைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வரி வசூலிக்கும் கடையின் பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்கப் பதிவு எண் இருக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் விகிதம் இருக்கும், வரித் தொகை தனியே இருக்கும். இணக்க முறைக் கடையின் பில்லில் வரி வசூலிக்கத் தகுதியில்லை என்ற வாசகம் இருக்க வேண்டும். பதிவு எண்ணே இல்லாத துண்டுச் சீட்டில் ‘ஜிஎஸ்டி 18%’ என்று எழுதியிருந்தால் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

வரிக்குறைப்பை வாங்குபவருக்குத் தர வேண்டும் என்ற 171ஆம் பிரிவு சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் அதன்கீழ் புதிய புகார்களை வாங்குவது நின்றுவிட்டது. ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து இத்தனை பெரிய குறைப்பு வந்தபோது மீனவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. இது எனக்கு மிகவும் உறுத்துகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். சொல்லும்போது ‘விலை குறையவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், செப்டம்பர் 22க்கு முந்தைய பில்லில் கயிற்றின் அடிப்படை விலை 625, பிந்தைய பில்லில் 666 ரூபாய் 67 பைசா என்று இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால் பேச்சுக்குப் பிடிமானம் இருக்கும். அதற்குப் பழைய பில்லைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

படகு எஞ்சினுக்குப் போடும் டீசலுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. டீசலும் பெட்ரோலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. அவற்றின் விலையில் மத்திய கலால் வரியும் மாநில மதிப்புக் கூட்டு வரியும் கலந்திருக்கின்றன. பங்க்கில் தரும் ரசீதை எந்த எண்ணால் வகுத்தாலும் அவை பிரியாது.