பன்னிரண்டு நாள் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலை எதற்குள் போனாலும் தொழிலாளர்கள் இரண்டு வகையாக இருப்பார்கள். கம்பெனி ஆட்கள் ஒரு வகை, காண்ட்ராக்ட் ஆட்கள் இன்னொரு வகை. ஒரே மெஷினில் ஒரே ஷிப்டில் நிற்பார்கள். ஆனால் காண்ட்ராக்ட் ஆளின் சம்பளம் தொழிற்சாலையிலிருந்து காண்ட்ராக்டருக்குப் போய், அங்கிருந்துதான் அவர் கைக்கு வரும். அந்த இடைவழியில் நடக்கும் ஒரு தவறைப் பற்றியே இந்தக் கட்டுரை. பணம் குறையாமல் கைக்கு வந்துவிடுவதால் அது தொழிலாளியின் கண்ணில் படுவதேயில்லை.

நாள் கூலி 550 ரூபாய்க்கு ஒருவர் மாதம் 24 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கூலி 13,200 ரூபாய். இதில் அவர் பங்காக பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,584 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 99 ரூபாய். இரண்டும் போக 11,517 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். முதலாளி பக்கத்திலிருந்து பி.எஃப்.புக்கு இன்னொரு 12 சதவீதமும், காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்குமாக ஒரு சதவீதமும் கட்ட வேண்டும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம். ஆறு மாதம் வேலை பார்த்த பிறகுதான் பி.எஃப். என்று பல தொழிலாளர்கள் இன்னும் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. தினக்கூலியாக இருந்தாலும், காண்ட்ராக்டர் மூலம் வந்தவராக இருந்தாலும், பி.எஃப்.புக்கு உட்பட்ட தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. காண்ட்ராக்டரிடம் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்பதும் காரணமாகாது.

தவறு நடப்பது இப்படி. கேட்டில் பதிந்த பஞ்ச் 24 நாள். காண்ட்ராக்டரின் சம்பளப் பதிவேட்டில் 12 நாள். மீதி 12 நாள் கூலியை ரொக்கமாகவோ, ‘அலவன்ஸ்’ என்ற பெயரிலோ கொடுத்துவிடுவார்கள். பிடித்தம் 6,600 ரூபாய்க்கு மட்டுமே நடக்கும்: பி.எஃப். 792, இ.எஸ்.ஐ. 50. தொழிலாளியின் கைக்கு 12,358 ரூபாய் வரும். முறையாக வர வேண்டியதைவிட இது 841 ரூபாய் அதிகம். வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் நெருக்கும் மாதத்தில் இதை யார் வேண்டாம் என்பார்கள்? அதனால்தான் புகார் வருவதில்லை.

அதே மாதம் அவருடைய பி.எஃப். கணக்கில் 3,168 ரூபாய் சேர வேண்டிய இடத்தில் 1,584 ரூபாய்தான் சேர்கிறது. அவர் பங்கு எப்படியோ கையில் வந்துவிட்டது. முதலாளி பங்கான 792 ரூபாய் வரவே வராது. முதலாளி பங்கிலிருந்துதான் ஓய்வூதியத்துக்கான தொகையும் போகிறது என்பதால், அந்த இழப்பு வயதான காலம் வரை நீளும்.

இதைவிடப் பெரிய அடி இ.எஸ்.ஐ.யில் விழுகிறது. நோயுற்று வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் தருகிறது. ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இந்தத் தொகைக்கு உரிமை வரும். நம் தொழிலாளி உண்மையில் உழைத்தது ஆறு மாதத்தில் 144 நாள். ஏட்டில் இருப்பது மாதம் 12 வீதம் 72 நாள். ஆறு நாளில் உரிமை போய்விட்டது. பிப்ரவரியில் மஞ்சள் காமாலை வந்து மருத்துவர் 30 நாள் ஓய்வு எழுதினால், முதல் இரண்டு நாள் காத்திருப்புப் போக 28 நாளுக்கு, நாள் 385 ரூபாய் வீதம் 10,780 ரூபாய் அவருக்கு வந்திருக்கும். இப்போது ஒரு ரூபாயும் வராது. காரணம் கேட்டால் கவுன்டரில் ‘நாள் போதவில்லை’ என்பார்கள். அவர் திகைத்து நிற்பார், ஏனென்றால் அவர் ஒரு நாளும் லீவு போட்டவரல்ல.

இந்த ஏற்பாட்டில் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காண்ட்ராக்டர் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பில்லில் 24 நாளுக்கும் கூலி இருக்கும், அதன் மேல் முதலாளி பங்கு பி.எஃப். 13 சதவீதம், 1,716 ரூபாயும் இருக்கும். கட்டியது 858. ஒரு ஆளுக்கு 858 ரூபாய் என்றால் நூறு ஆளுக்கு மாதம் 85,800 ரூபாய். தொழிற்சாலை கொடுத்துவிட்டது, தொழிலாளிக்குப் போகவில்லை.

பில்லைப் பாஸ் செய்கிறவர்களால் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். பெரும்பாலான இடங்களில் பில்லோடு பி.எஃப். சலான் நகல் ஒன்றை இணைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. மூன்று தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஒரே சலானை மூன்று பில்லிலும் இணைக்கலாம். கேட்க வேண்டியது சலானோடு இணையத்தில் ஏற்றப்படும் பெயர்ப் பட்டியலை. இ.சி.ஆர். என்று அதைச் சொல்வார்கள். ஒவ்வொரு ஆளின் யு.ஏ.என். எண், மொத்தக் கூலி, பி.எஃப். கணக்கிட்ட கூலி, சந்தா இல்லாத நாட்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இ.எஸ்.ஐ. பட்டியலிலும் ஆள்வாரியாக நாட்கள் உண்டு. இந்த இரண்டையும் டைம் ஆபீஸின் பஞ்ச் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 24க்கு எதிரே 12 நிற்பது உடனே தெரிந்துவிடும். மாதத்துக்கு இருபது பெயரை எடுத்துச் சரிபார்த்தால்கூடப் போதும், போக்கு பிடிபட்டுவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓவர்டைம் தொகைக்கு பி.எஃப். கிடையாது. அதனால் சாதாரண நாட்களையே ஓ.டி. என்று எழுதிவிடுவதும் உண்டு. ஏட்டில் 12 நாள் வேலையும் 90 மணி நேர ஓ.டி.யும் இருந்தால், அது கணக்கே அல்ல.

‘அது காண்ட்ராக்டர் பொறுப்பு’ என்று தொழிற்சாலை நிர்வாகம் ஒதுங்க முடியாது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் ஆலை முதலாளியே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. பி.எஃப்.பிலும் இ.எஸ்.ஐ.யிலும் அதே விதிதான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் கூலிக்கான இந்தப் பொறுப்பு தொடர்கிறது. காண்ட்ராக்டர் ஓடிப்போனால் பாக்கியும் வட்டியும் ஆலையின் தலையில்தான் விழும். ஏற்கெனவே பில்லில் கொடுத்த பணத்தை இரண்டாவது முறை கொடுக்க வேண்டி வரும்.

தொழிலாளிக்கு இதில் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. யு.ஏ.என்.னோடு பதிவான கைபேசியிலிருந்து 7738299899 எண்ணுக்கு EPFOHO UAN TAM என்று குறுஞ்செய்தி அனுப்பினால், கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் தமிழில் வரும். கடைசி மாதத் தொகையில் தன் பங்கு, தான் வாங்கிய மொத்தக் கூலியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பாதிதான் இருந்தால் நாள் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் மாதவாரியாகவும், இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நாள்வாரியாகவும் முழு விவரம் கிடைக்கும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு மடித்து வையுங்கள். பஞ்ச் பதிவும் சீட்டும் வங்கிக் கணக்கும் கையில் இருந்தால், பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கும் புகாருக்கு வேறு சாட்சி தேவைப்படாது. செப்டம்பர் முடிவதற்குள் பாருங்கள். ஜனவரியில் நோய் வந்த பிறகு பார்த்தால் அந்த 78 நாளைத் திருப்பிச் சேர்ப்பது மிகவும் கடினம்.