90-க்கும் 100-க்கும் நடுவுல என்ன இருக்கு?

சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல போயிருக்கீங்களா? கடைசி ஸ்டேஷன்ல இறங்கி சிப்காட் பக்கம் போனா, வரிசையா ஸ்டீல் ஷெட்டுகள். அந்த ஷெட்டோட தூண் எவ்வளவு சுமை தாங்கும்னு கணக்கு போடுறவங்க ஒருத்தர்தான் இந்த எபிசோடோட விருந்தினர். அந்தப் பகுதி ஃபேப்ரிகேஷன் வேலைகளுக்கு டிசைன் பண்ற ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். பேசினது ஒரு சின்ன விஷயம்: அட்டவணையில ரெண்டு வரிக்கு நடுவுல விழுற எண்ணை எப்படி எடுக்கிறது? உரையாடலைக் கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.

தொகுப்பாளர்: அக்கா, தூணுக்கும் அட்டவணைக்கும் என்ன சம்பந்தம்?

இன்ஜினியர்: ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நிமித்தி வச்சு மேல இருந்து அழுத்துங்க. உடையாது, பக்கவாட்டுல வளையும். இதை பக்லிங்னு சொல்வோம். தூண் எவ்வளவு நீளமோ, எவ்வளவு ஒல்லியோ, அவ்வளவு சீக்கிரம் வளையும். அந்த ஒல்லித்தனத்துக்கு ஒரு எண் இருக்கு, ஸ்லெண்டர்னெஸ் ரேஷியோ. நம்ம ஸ்டீல் கோடு ஐ.எஸ். 800, 2007-ல வந்த பதிப்பு. அதுல ஒன்பதாவது அட்டவணையில இந்த ரேஷியோவைப் பார்த்தா, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் வரைக்கும் அனுமதின்னு எடுக்கலாம். வரிகள் 10, 20, 30-னு பத்துப் பத்தா போகும்.

தொகுப்பாளர்: நம்ம தூண் 98-னு வந்தா?

இன்ஜினியர்: அதுதான் பிரச்சினை. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ரெண்டு ஐ.எஸ்.எம்.சி. 200 சேனலை லேசிங் போட்டு சேர்த்த தூண். எஃபெக்டிவ் நீளம் 7.5 மீட்டர். அதை 80.3 மில்லிமீட்டர் ரேடியஸ் ஆஃப் ஜைரேஷனால வகுத்தா 93.4. லேசிங் தூணுக்கு 5 சதவீதம் கூட்டணும்னு கோடு சொல்லுது. ஆக 98. இந்த மாதிரித் தூண் ‘சி’ வகையில வரும். சாதாரண 250 கிரேடு ஸ்டீலுக்கு அந்த அட்டவணையில 90-க்கு நேரா 121, 100-க்கு நேரா 107.

தொகுப்பாளர்: 98-க்கு வரியே இல்லையே!

இன்ஜினியர்: ரெண்டு புள்ளிக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு ஒரு நேர்கோடு போடுறதா நினைச்சுக்கோங்க. 90-ல இருந்து 100 வரைக்கும் பத்து படி. நாம எட்டு படி ஏறியிருக்கோம், அதாவது பத்துல எட்டு பங்கு. அந்தப் பத்து படியில மதிப்பு 121-ல இருந்து 107-க்கு, 14 இறங்குது. 14-ல எட்டு பங்கு 11.2. 121-ல இருந்து 11.2 கழிச்சா 109.8. இதுதான் லீனியர் இன்டர்போலேஷன்.

தொகுப்பாளர்: உண்மையில அது நேர்கோடு இல்லையே, வளைகோடுதானே?

இன்ஜினியர்: வளைகோடுதான். இந்த அட்டவணையே கோடுல இருக்கிற ஒரு ஃபார்முலால இருந்து வந்தது. 98-ஐ நேரடியா அந்த ஃபார்முலால போட்டா 109.7 வரும். வித்தியாசம் 0.1தான், ஏன்னா பத்து படிக்குள்ள வளைவு தெரியவே தெரியாது. ஆனா நடு வரிகளை விட்டுட்டு 50-க்கும் 150-க்கும் நடுவுல நேர்கோடு போட்டீங்கன்னா, 100-க்கு 121 வரும். சரியான மதிப்பு 107. அதனால பக்கத்துப் பக்கத்து வரிகளைத்தான் எடுக்கணும்.

தொகுப்பாளர்: இதுல தப்பு எங்க நடக்கும்?

இன்ஜினியர்: எக்செல்ல. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல பழைய ஷீட் ஒண்ணு கைமாறி கைமாறி ஓடிட்டிருந்தது. அதுல இப்படி எழுதியிருந்தாங்க:

```
=VLOOKUP(E1, A2:B21, 2, TRUE)
```

கடைசியில `TRUE` போட்டா, எண் கிடைக்கலேன்னா அதுக்குக் கீழே இருக்கிற பக்கத்து எண்ணை எடுத்துக்கும். 98 கேட்டா 90-ஓட வரிக்குப் போய் 121-ஐக் குடுக்கும். எர்ரர் எதுவும் காட்டாது.

தொகுப்பாளர்: 121-க்கும் 109.8-க்கும் அவ்வளவு வித்தியாசமா?

இன்ஜினியர்: நம்ம தூணோட குறுக்குப் பரப்பு 5642 சதுர மில்லிமீட்டர். 121-ஆல பெருக்கினா 683 கிலோநியூட்டன். 109.8-ஆல பெருக்கினா 619. ஆறு டன்னுக்கு மேல வித்தியாசம். தூண் மேல வர்ற டிசைன் சுமை 650-னு வச்சுக்கோங்க. ஷீட்டுல ‘ஓகே’ன்னு வரும், நிஜத்துல அந்தத் தூண் தேறாது.

தொகுப்பாளர்: எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

இன்ஜினியர்: ஒரு பக்கத்துல ரெண்டு தூண், ரேஷியோ ஒண்ணு 91, இன்னொண்ணு 98. ரெண்டுக்கும் 121-னு இருந்தது. நீளம் கூடியும் பலம் குறையலேன்னா ஏதோ சரியில்லை. அன்னையில இருந்து எந்த ஷீட் வந்தாலும் ரெண்டு சோதனை பண்ணுவேன். 90 குடுத்தா அச்சா 121 வரணும். 95 குடுத்தா நடு மதிப்பு, 114 வரணும்.

தொகுப்பாளர்: சரியான ஃபார்முலா எப்படி இருக்கணும்?

இன்ஜினியர்: ஒரே செல்லுல திணிக்காம, படிப்படியா எழுதினா அடுத்தவங்க சரிபார்க்கலாம். `A2:A21`-ல 10 முதல் 200 வரை ரேஷியோ ஏறுவரிசையில, `B`-ல மதிப்பு, `E1`-ல நம்ம 98.

```
E2: =MATCH(E1, A2:A21, 1)
E3: =INDEX(A2:A21, E2)
E4: =INDEX(A2:A21, E2+1)
E5: =INDEX(B2:B21, E2)
E6: =INDEX(B2:B21, E2+1)
E7: =E5+(E1-E3)*(E6-E5)/(E4-E3)
```

`E2` கீழ் வரி எதுன்னு சொல்லும். அடுத்த நாலும் ரெண்டு வரியோட எண்களை எடுக்கும். `E7`-ல நாம கையில போட்ட அதே கணக்கு. 200 குடுத்தாலும் அதுக்கு மேல போனாலும் அடுத்த வரி இல்லாம `#REF!` வரும். அதை மறைக்க `IFERROR` போடாதீங்க. நிரந்தரச் சுமையும் பயன்பாட்டுச் சுமையும் தாங்குற தூணுக்கு 180-க்கு மேலேயே கோடு அனுமதிக்காது. அட்டவணை முடியுற இடத்துல கோட்டை நீட்டிக்கிட்டே போறது இன்டர்போலேஷன் இல்லை.

தொகுப்பாளர்: அப்போ `VLOOKUP`-ல `TRUE` போடுறதே தப்பா?

இன்ஜினியர்: இல்ல, அது ஸ்லாப் அட்டவணைக்குப் பொருந்தும். கடைக்காரர் மொத்தமா வாங்குறவங்களுக்கு 50 பீஸ்ல இருந்து ஒரு ரேட், 100 பீஸ்ல இருந்து இன்னொரு ரேட்னு வச்சிருந்தா, 98 பீஸுக்கு 50-ஓட ரேட்தான். நடுவுல ஒரு ரேட் கிடையாது, ஏன்னா அது படிக்கட்டு. தூணோட அட்டவணை சரிவு, அதுல நடுவுல இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அச்சடிக்கலை அவ்வளவுதான். ஒரே அட்டவணையிலேயே ரெண்டும் இருக்கலாம். ரேஷியோ சரிவு. ஆனா ஏ, பி, சி, டி-ங்கிற பக்லிங் வகை வெறும் பெயர். பி-க்கும் சி-க்கும் சராசரி எடுக்கக் கூடாது.

தொகுப்பாளர்: அவசரத்துக்கு, கையில எக்செல்லும் இல்ல, கால்குலேட்டரும் இல்லேன்னா?

இன்ஜினியர்: பலம் குறைவாக் காட்டுற வரியை எடுங்க. நம்ம தூணுக்கு அது 100-ஓட வரி, 107. அப்போ தூண் 604 கிலோநியூட்டன் தாங்கும்னு வரும். ஸ்டீல் கொஞ்சம் கூடப் போகலாம், ஷெட்டுக்கு ஆபத்து இல்ல.

தொகுப்பாளர்: மக்களே, உங்க ஆபீஸ்ல யாரோ எழுதி வச்ச ஷீட் ஒண்ணு இருக்கும்ல? ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு எண்ணைக் குடுத்துப் பாருங்க. விடை அசையுதான்னு எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.