நினைவுப் படக்குறிப்பின் முதல் வரி: மழையும் காப்பியும் மல்லிகையும்

குடும்பத்தின் பழைய ஒளிப்படம் ஒன்றைக் கொண்டுவந்து, அதன்கீழ் நான்கைந்து வரிகளில் நினைவுக் குறிப்பு எழுதும் பயிற்சி மாணவர்களுக்குத் தரப்படுவதுண்டு. எழுதத் தொடங்கும்போது அவர்களுக்கு ஓர் அறிவுரையும் சொல்லப்படுகிறது: ஒரு மணத்தையோ ஓசையையோ சுவையையோ முதலில் வையுங்கள், நினைவு தானே பின்னால் வரும். அறிவுரை நல்லதுதான். ஆயினும் இப்பயிற்சித் தாள்களைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். யாருடைய பாட்டியாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், முதல் வரியில் அதே மழை பெய்கிறது. அதே காப்பி ஆவி பறக்கிறது. அதே மல்லிகை மணக்கிறது. ஏன் இப்படி ஆகிறது, இதைத் தவிர்க்க மொழி நமக்குத் தரும் வழிகள் எவை என்பதே இவ்வுரையின் பொருள்.

படக்குறிப்புக்கும் கட்டுரைக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். படக்குறிப்பின் மேலே படம் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் அடுக்கும்போது, தொடுவுணர்வை முதலில் வைத்து, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி, மனம் என்று ஏறிச் செல்கிறது. அந்த வரிசையில் ஒளிப்படம் நமக்குத் தருவது காட்சி ஒன்றைத்தான். ஏனையவை படத்தில் இல்லை. ஆகவே முதல் வரியில் ‘பச்சைப் புடவை கட்டிய பாட்டி’ என்று தொடங்குவது, படிப்பவர் முன்பே கண்டதை மீண்டும் சொல்வதாகும். படம் தர இயலாத ஒன்றை, அதாவது கேட்டதை, முகர்ந்ததை, தொட்டதை வைப்பதற்கே முதல் வரி பயன்பட வேண்டும். (கறுப்பு வெள்ளைப் படமாயின் புடவையின் நிறமும் படம் தராத செய்திதான். ஆனால் அதைச் சொல்பவர் உண்மையாகவே அறிந்து சொல்ல வேண்டும்.)

அடுத்த கேள்வி, எந்த மணம், எந்த ஓசை என்பது. மழை, காப்பி, மல்லிகை மூன்றும் எல்லாருக்கும் பொதுவானவை. பொதுவாக இருப்பதால்தான் அவை எளிதில் கைக்கு வருகின்றன; அதே காரணத்தால்தான் எதையும் சொல்லாமலும் போகின்றன. காப்பியை எடுத்துக்கொள்வோம். நம் வட்டாரக் காப்பிக்கடையில் கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் அல்லது மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பது பழைய வழக்கம். தூளைத் துணிப்பையில் இட்டு, நீண்ட மூக்குள்ள பாத்திரத்தில் வடிப்பார்கள். அந்த மணத்தில் கருகிய சர்க்கரையின் சாயல் இருக்கும். சிக்கரி கலந்து, பித்தளை வடிகட்டியில் இறங்கிப் பசும்பாலோடு சேரும் தமிழ்நாட்டுக் காப்பியின் மணம் வேறு. காப்பிக்கடையில் எடுத்த தாத்தாவின் படத்திற்கு ‘பித்தளை டபராவில் நுரை ததும்பும் காப்பி’ என்று எழுதும் மாணவர், தாத்தாவின் காப்பியை எழுதவில்லை. திரைப்படத்திலோ கதையிலோ கண்ட காப்பியை எழுதுகிறார். மல்லிகையும் அப்படியே. அது மாலையில் மலர்ந்து இரவில் மணம் மிகுவது. காலையில் பள்ளிக்குப் புறப்பட்ட அம்மாவின் தலையில் இருந்தது முந்தைய நாளின் பூவாக இருந்திருந்தால், அது பழுப்பேறி வாடிய மணமாகத்தான் இருந்திருக்கும். அதை அப்படியே எழுதலாம். அதுவே கூடுதலாகச் சொல்லும்.

மழைதான் மூன்றிலும் கடினமானது. அகத்திணையியலில் முல்லைக்குரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. கார்காலம் தொடங்கும்போது திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்ற தலைவனுக்காகத் தலைவி காத்திருக்கிறாள். ஆகவே அங்கே முதல் மழை என்பது குளிர்ச்சியோ அழகோ மட்டுமன்று. அது ஒரு தவணை. மழை வந்துவிட்டது, அவர் வரவில்லை என்பதே செய்தி. முதற்பொருளையும் கருப்பொருளையும் உரிப்பொருளோடு இணைத்துப் பார்த்த இலக்கணம், பின்னணிக்காக மட்டும் மழையைப் பெய்விக்கவில்லை. அந்த மழைக்கு அந்த நிலத்தில் வாழ்பவரிடம் ஒரு வேலை இருந்தது.

இதை நம் மண்ணுக்குக் கொண்டுவந்து ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம். மாணவி ஒருவர் கொண்டுவந்த படமாகக் கற்பனை செய்துகொள்வோம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்து வீடு. படியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். அருகே ஒரு வாளி கவிழ்ந்திருக்கிறது. சுவரில் காண்டாக் கம்பு சாய்ந்திருக்கிறது. படத்தின் பின்புறம் 1964 என்று எழுதியிருக்கிறது. மாணவியின் முதல் வரைவு இது:

“சில்லென்ற மழைச்சாரல், ஆவி பறக்கும் காப்பி, மல்லிகை மணம். இவை என் பாட்டியின் இனிய நினைவுகள்.”

இந்த வரைவில் மழையை எடுத்துவிட்டு வெயிலை வைத்துப் பாருங்கள். எதுவும் குலையவில்லை. இதுவே நான் பரிந்துரைக்கும் சோதனை. ஒரு புலன் விவரத்தை மாற்றியபின் அடுத்த வரியும் மாறவேண்டியிருந்தால் அந்த விவரம் வேலை செய்கிறது. மாறாவிட்டால் அது ஒட்டவைத்த பூ. மேலும் மூன்று விவரங்கள் பயனிலை இல்லாமல் அடுக்கப்பட்டிருப்பதால், படிப்பவர் எதைப் பற்றிக்கொள்வது என்று தெரியாமல் கடந்துவிடுகிறார்.

இப்போது படத்தையே கேட்போம். படம் பகலில் எடுக்கப்பட்டது. பால்மரம் சீவுபவர் அந்நேரத்தில் காட்டில் இருக்க வேண்டியவர். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டுக்குச் சென்று, விளக்கோடு மரத்தடிக்குப் போனார்கள். அப்படியானால் இவர் ஏன் வீட்டில் இருக்கிறார்? வாளி ஏன் கவிழ்ந்திருக்கிறது? மாணவி தம் தாயாரிடம் கேட்கிறார். விடை: அன்று விடியுமுன் மழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடி மங்கில் விழாது. ஈரப்பட்டையில் பரவி வீணாகும். சீவிய பிறகு மழை வந்தாலோ, மங்கில் நீர் நிரம்பிப் பால் வழிந்துவிடும். ஆகவே தகரக் கூரையில் முதல் துளி விழுந்த ஓசையைக் கேட்டவர்கள், அது நிற்குமா என்று படுத்தபடியே காது கொடுத்திருந்தார்கள். நாட்கூலியை நம்பிய வீட்டில் அந்த ஓசைக்கு விலை இருந்தது. ‘சில்லென்ற’ என்ற அடை இங்கே பொருந்தாதது மட்டுமன்று. வந்த செய்தியை நேர்மாறாக்கியும் விடுகிறது.

விவரம் கிடைத்துவிட்டது. இனி அதை எந்தத் தொடரில் வைப்பது? இங்கே தமிழ்த் தொடரமைப்பு மூன்று பாதைகளைக் காட்டுகிறது. ‘மழை பெய்யும்போதெல்லாம் பாட்டியின் நினைவு வரும்’ என்பது முதல் பாதை. மாணவர்கள் மிகுதியும் விரும்புவது. இதில் மழை பெய்வது இன்று, நினைப்பவர் எழுதுபவர். பாட்டி, அவரது நினைவுக்குள் ஒரு பெயராக மட்டும் நிற்கிறார். படக்குறிப்பு பாட்டியைப் பற்றியது என்றால் இது வழி தவறியது. ‘மழை பெய்தால் பாட்டி படியில் அமர்ந்திருப்பார்’ என்பது இரண்டாவது. எதிர்கால வடிவம் கடந்தகால வழக்கத்தைக் காட்டுவது தமிழின் இயல்பு. பலநாள் நடந்ததைச் சொல்ல இது பொருந்தும். ஆனால் படம் பலநாளைக் காட்டவில்லை. ஒரு நாளைக் காட்டுகிறது. ‘விடியுமுன் தகரக் கூரையில் மழை இறங்கியது’ என்று இறந்தகால வினைமுற்றோடு சிறு தொடராக நிறுத்துவது மூன்றாவது. இது ஒரே ஒரு விடியலைக் குறித்துவிடுகிறது. வினை இறுதியில் வரும் மொழியில், முதல் தொடர் நீண்டால் படிப்பவர் மழையைக் கையில் ஏந்தியபடி நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ‘தகரக் கூரையில் இறங்கிய மழையால் வேலைக்குச் செல்லாமல் வாளியைக் கவிழ்த்து அமர்ந்த என் பாட்டி’ என்று பெயரெச்சமாக அடுக்கினால், ஓசை அடைக்குள் ஒடுங்கிப்போகும். முதல் தொடரை நான்கைந்து சொற்களில் முடித்துவிடுவது நல்லது.

இன்னும் ஒரு திருத்தம் உண்டு; என்னைக் கேட்டால் மற்றவற்றைவிட இதுவே முதன்மையானது. மாணவி 1964இல் பிறக்கவில்லை. ‘இறங்கியது’ என்று அவர் எழுதினால், கண்டவர் கூற்றாக அது நிற்கும். இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. ஐம்பது ஆண்டு கழித்து இக்குறிப்பைப் படிப்பவருக்கு, இது அறிந்து எழுதியதா, அழகுக்காகப் புனைந்ததா என்று பிரித்தறிய வேறு சான்று இருக்காது. தமிழில் இதற்கென்றே ஓர் உருபு போன்ற சொல் இருக்கிறது: ‘ஆம்’. ‘இறங்கியதாம்’ என்றால், பிறர் சொல்லக் கேட்டது என்பது தொடருக்குள்ளேயே வந்துவிடும். பேச்சில் நாம் நாள்தோறும் கையாளும் இதனை எழுத்தில் ஏனோ ஒதுக்கிவிடுகிறோம். மாணவியின் இறுதி வடிவம் இவ்வாறு அமையலாம்:

“விடியுமுன் தகரக் கூரையில் மழை இறங்கியதாம். மரம் நனைந்தால் சீவ முடியாது. அன்றைய கூலி போயிற்று. வாளியைக் கவிழ்த்துவிட்டுப் படியில் அமர்ந்திருப்பவர் என் பாட்டி. பேராக், 1964. அம்மா சொல்லக் கேட்டது.”

முன்வரைவில் இருந்த ‘இனிய’ என்ற சொல் நீங்கிவிட்டதைக் கவனியுங்கள். காப்பியும் மல்லிகையும் நீங்கின. ஒரே விவரம் எஞ்சியது. யார், எங்கே, எப்போது என்பவை குறையவில்லை. உண்மையான குறிப்பில் பாட்டியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் கட்டாயம் சேர வேண்டும். புலன் விவரம் அவற்றுக்கு முன் நிற்கலாம். அவற்றின் இடத்தில் நிற்கக் கூடாது.

வகுப்பறையில் இதற்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி எழுதுவதற்கன்று, கேட்பதற்கே போகும். ‘பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘நல்லவர், பாசமானவர்’ என்ற விடைதான் வரும். படத்தை நீட்டி, ‘இந்த வாளி ஏன் கவிழ்ந்திருக்கிறது? அப்போது என்ன ஓசை கேட்டது?’ என்று படத்தில் உள்ள ஒரு பொருளைத் தொட்டுக் கேட்டால் விடை வேறாக இருக்கும். சில வேளைகளில் வீட்டாருக்கு எதுவும் நினைவில் இருக்காது. அப்போது மழையையோ மல்லிகையையோ இரவல் வாங்க வேண்டியதில்லை. பெயரில் தொடங்கி, ஊரையும் ஆண்டையும் எழுதி, ‘வாளி கவிழ்ந்திருப்பதன் காரணம் தெரியவில்லை’ என்று முடித்துவிடலாம்.