பார்ட்னர்ஷிப் பிசினஸை மூடப் போறீங்களா? அந்தக் கடைசி மெசேஜ்ல என்ன இருக்கணும்?

பார்ட்னர்ஷிப் ஆரம்பிக்கிறது எப்படின்னு நிறைய பேர் கேட்பீங்க. மூடறது எப்படின்னு கேட்கிறவங்க கம்மி. அதிலும் கஸ்டமருக்கும் சப்ளையருக்கும் அனுப்புற விடைபெறும் மெசேஜைப் பத்தி யாரும் யோசிக்கிறதே இல்லை. "இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி"ன்னு ஒரு வரி வாட்ஸ்அப்ல போட்டா முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். உண்மையில உங்களுக்கு வர வேண்டிய பணமும், உங்க மேல வரக்கூடிய கடனும் அந்த மெசேஜை எப்படி எழுதுறீங்கன்றதுல நிறையவே அடங்கியிருக்கு.

ஒரு உதாரணத்தை வெச்சே முழுசா பார்க்கலாம். நீங்களும் உங்க நண்பரும் மதுரையில கேட்டரிங் நடத்துறீங்கன்னு வெச்சுக்கோங்க. நீங்க போட்ட முதல் 6 லட்சம், நண்பர் போட்டது 4 லட்சம். லாபம் பாதிப் பாதி. நடுவுல நண்பர் தனியா 1 லட்சம் கடனாவும் கொடுத்திருக்கார். சண்டை எதுவும் இல்லை, ரெண்டு பேருக்கும் வேற வேற திட்டம் இருக்கு. டிசம்பர் 31-ஓட மூடிடலாம்னு நவம்பர்ல முடிவு பண்றீங்க.

முதல்ல கணக்கு, அப்புறம்தான் மெசேஜ்

பாத்திரம், அடுப்பு, வேன் எல்லாம் வித்தா 5.5 லட்சம் வரும். பேங்க்ல 2.5 லட்சம் இருக்கு. கஸ்டமர்கள் தர வேண்டிய பாக்கி 2 லட்சம். மொத்தம் 10 லட்சம்.

இதை எந்த வரிசையில பிரிக்கணும்னு 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தோட 48-வது பிரிவு சொல்லுது. உங்க ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா இதுதான் முறை. முதல்ல வெளியாளுக்குத் தர வேண்டியது: மளிகைக் கடை பாக்கி 1.5 லட்சம், தை முகூர்த்தங்களுக்கு வாங்கின அட்வான்ஸ் 1.5 லட்சம். அது போக மீதி 7 லட்சம். அடுத்து நண்பர் கொடுத்த கடன் 1 லட்சம். மீதி 6 லட்சம்.

இங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. 6 லட்சத்தைப் பாதிப் பாதியா எடுத்துக்கலாம்னு ஒருத்தர் சொல்வார். முதல் போட்ட விகிதத்துல 3.6, 2.4-ன்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டும் சரியில்லை. போட்ட முதல் 10 லட்சம், கையில இருக்கிறது 6 லட்சம்னா நஷ்டம் 4 லட்சம். லாபத்தைப் பாதிப் பாதியா பிரிச்ச மாதிரியே நஷ்டத்தையும் பிரிக்கணும். ஆளுக்கு 2 லட்சம் கழிச்சா உங்களுக்கு 4 லட்சம், நண்பருக்கு 2 லட்சம், அதுக்கு மேல அவரோட கடன் 1 லட்சம் தனி.

இதை எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பார்ட்னர்ஷிப்பைக் கலைக்கிற பத்திரமா வெச்ச பிறகுதான் மெசேஜ் வெளிய போகணும். இல்லேன்னா நீங்க ஒண்ணு அனுப்புவீங்க, அவர் ஒண்ணு அனுப்புவார். ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தை மளிகைக் கடைக்காரர்தான் முதல்ல கண்டுபிடிப்பார்.

மென்மையா எழுதினா பணம் வரும்

நம்ம உதாரணத்துல வெளிய நிக்கிற பாக்கி 2 லட்சம். "தவிர்க்க முடியாத காரணங்களால்"னு ஆரம்பிச்சாலே படிக்கிறவர் சண்டைன்னு முடிவு பண்ணிடுவார். "உங்கள்ல யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியல, நீங்க பேசி முடிங்க, அப்புறம் தர்றேன்"னு தள்ளிப் போடுவார். சப்ளையர் பயந்துபோய் மறுநாளே பாக்கியைக் கேட்டு வந்து நிப்பார். அட்வான்ஸ் கொடுத்த பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தூக்கம் போயிடும்.

அதனால காரணத்தை ஒரே வரியில சொல்லி முடிச்சிடுங்க, யார் மேலயும் குறை சொல்ல வேண்டாம். மிச்ச இடத்தை அவங்க மனசுல இருக்கிற கேள்விகளுக்குக் கொடுங்க. என்னைக்கு மூடுறீங்க, என் அட்வான்ஸ் என்ன ஆகும், பாக்கியை எங்க கட்டணும், இனிமே யாரைக் கூப்பிடணும். இந்த மாதிரி எழுதலாம்:

> அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.
>
> நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தி வந்த கேட்டரிங் நிறுவனத்தை வரும் டிசம்பர் 31-ம் தேதியுடன் நிறைவு செய்கிறோம். இனி அவரவர் வழியில் தனியாகத் தொழில் செய்வது என்று இருவரும் பேசி, மனமொத்து எடுத்த முடிவு இது.
>
> டிசம்பர் 31 வரை ஒப்புக்கொண்ட எல்லா விசேஷங்களையும் இருவரும் சேர்ந்தே நடத்திக் கொடுப்போம். தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பணம் கொடுத்தவர்களை இந்த வாரத்துக்குள் நாங்களே அழைத்துப் பேசுவோம். எங்களில் ஒருவர் அதே விலையில் நடத்திக் கொடுப்பார். வேறு ஏற்பாடு செய்ய விரும்பினால், முழுத் தொகையும் டிசம்பர் 15-க்குள் திருப்பித் தரப்படும்.
>
> பாக்கித் தொகையை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தவும். எங்களிடம் வர வேண்டிய பில்களை டிசம்பர் 20-க்குள் அனுப்பி வைக்கவும். ஜனவரி 1 முதல் நிறுவனத்தின் பெயரில் புதிய ஆர்டரோ கடனோ எங்களில் யாரும் வாங்க மாட்டோம்.
>
> உங்கள் வீட்டு விசேஷங்களில் எங்களை நம்பி இலை போடச் சொன்னீர்கள். அந்த நம்பிக்கைக்கு இருவரும் நன்றி சொல்கிறோம்.
>
> இப்படிக்கு,
> (இருவர் பெயரும், இருவர் கைபேசி எண்ணும்)

தை முகூர்த்தத்தை நண்பர் எடுத்து நடத்துறார்னா, அந்த அட்வான்ஸ் அவரோடவே போகணும். கஸ்டமருக்குத் திருப்பிக் கொடுத்தாலும் சரி, நண்பர் கைக்குப் போனாலும் சரி, நிறுவனக் கணக்குல 1.5 லட்சம் குறையும். அதை மறந்து லாபமா நினைச்சுப் பிரிச்சுட்டா, அடுத்தவர் விசேஷத்துக்கு நண்பர் சொந்தக் காசைப் போட வேண்டி வரும்.

கணக்கு எண்ணைச் சொல்ற கையோட கடையில ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடையும் பாருங்க. பல இடத்துல அது ஒரு பார்ட்னரோட சொந்தக் கணக்குக்குத்தான் போகும். அப்படி இருந்தா அன்னைக்கே கழட்டிடுங்க. பாக்கி எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் கரன்ட் அக்கவுண்டை மூடாம, ரெண்டு பேர் கையெழுத்துலயும் இயங்குற மாதிரி வெச்சுக்கோங்க.

வாட்ஸ்அப் மட்டும் போதாது

மெசேஜ் எவ்வளவு நல்லா இருந்தாலும் சட்டம் கேட்கிற பொது அறிவிப்பு அது இல்லை. 45-வது பிரிவுப்படி, கலைச்ச பிறகும் பொது அறிவிப்பு கொடுக்கிற வரைக்கும் வெளியாளுக்கு நீங்க பொறுப்புதான். பிப்ரவரியில உங்க நண்பர் பழைய பேர்லயே 80,000 ரூபாய்க்கு மளிகை கடன் வாங்கினார்னா, விஷயம் தெரியாத கடைக்காரர் உங்ககிட்டயும் முழுப் பணத்தைக் கேட்கலாம்.

பொது அறிவிப்பு எப்படின்னு 72-வது பிரிவுல இருக்கு. அரசிதழ்லயும், உங்க தொழில் நடக்கிற மாவட்டத்துல ஓடுற ஒரு தாய்மொழி நாளிதழ்லயாவது விளம்பரம் வரணும். பதிவு செஞ்ச நிறுவனம்னா ரிஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸுக்கும் தெரிவிக்கணும். இதை ரெண்டு பேர்ல யார் வேணாலும் செய்யலாம். இன்னொருத்தர் செய்வார்னு காத்திருக்காதீங்க. மெசேஜ்ல இருக்கிற அதே தேதி விளம்பரத்திலயும் இருக்கணும். இது சாதாரணப் பார்ட்னர்ஷிப்புக்கு மட்டும். எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னா மூடுற முறையே வேற.

நண்பருக்கு அனுப்புறது

ஊருக்கு ஒரு மெசேஜ் போகும்போது, நண்பருக்கும் தனியா ஒண்ணு அனுப்பத் தோணும். தாராளமா அனுப்புங்க. ஆனா உணர்ச்சிவசப்பட்டு, "பாக்கி எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே"ன்னு எழுதிடாதீங்க. நாளைக்குத் தகராறுன்னு வந்தா அந்த வரியை ஆதாரமா எடுத்துக் காட்டலாம். பணத்தைப் பத்திப் பத்திரம் பேசட்டும். நீங்க இப்படி எழுதினா போதும்:

> "கணக்கு நாம கையெழுத்துப் போட்டபடியே இருக்கட்டும். விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்பு பத்த வைக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும். உன் முதல் ஆர்டருக்கு ஆள் குறைஞ்சா என்னைக் கூப்பிடு, வர்றேன்."

நீங்க யாராவது இப்படிப் பார்ட்னர்ஷிப்பை மூடிட்டு இருக்கீங்கன்னா, எந்த இடத்துல சிக்கல் வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க.