நெரிசலான வைஃபையில் எந்தச் சேனல்?

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணிக்கையை நம்பிவிடக் கூடாது. அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான். ஒரு ரவுட்டருக்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஆகவே 6-ஆம் சேனலில் ஓடும் ரவுட்டர் 4 முதல் 8 வரை இடம் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே.

ரவுட்டர் அமைப்புப் பக்கத்தில் Channel Width என்ற இடத்தில் 40 மெகாஹெர்ட்ஸ் என்றொரு தேர்வு இருக்கும். அகலம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்பது அக்கம்பக்கத்தில் வேறு ரவுட்டர் இல்லாத தனி வீட்டுக்குப் பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது மூன்று இடங்களில் இரண்டை அடைத்துக்கொள்வதோடு, அந்த இரண்டிலும் உள்ள இரைச்சலையும் சேர்த்து வாங்குகிறது. அங்கே 20-தான் சரி.

பலரும் தவறுவது சேனல் எண்ணில். 1-இலும் 6-இலும் கூட்டம், 3 காலி என்று பார்த்து 3-ஐ வைப்பார்கள். ஒரே சேனலில் உள்ள ரவுட்டர்களுக்கு ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியும். ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். வேகம் குறையும், தகவல் சிதையாது. 3-இல் இருப்பதன் பேச்சோ 1-க்கும் 6-க்கும் வெறும் இரைச்சல். அது மிகப் பலமாக இருந்தாலொழிய யாரும் காத்திருப்பதில்லை. பொட்டலங்கள் மோதி, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். கெடுவது இரு தரப்பும்தான்.

எந்த எண் என்பதை ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் 1-இல் ஒரு ரவுட்டர் -50 டிபிஎம், 11-இல் ஒன்று -48, 6-இல் மூன்று, எல்லாம் -85 அளவில் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். தலைகளை எண்ணினால் 6 மோசமாகத் தெரியும். உண்மையில் அங்கிருப்பவை எட்டாத தூரத்து முணுமுணுப்பு, எனவே எடுக்க வேண்டியது 6. ஒரு குறை: பலமான ரவுட்டர் சும்மா கிடக்கிறதா, ஓயாமல் படம் ஓட்டுகிறதா என்பதை இந்த எண் காட்டாது.

அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும், எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு நேரத்தில், கணினியிலிருந்து ரவுட்டரையே சோதிப்பது நல்லது. முகவரி ரவுட்டருக்கு ரவுட்டர் மாறலாம்.

```
ping 192.168.1.1
```

பதில் சில மில்லிசெகண்டில் சீராக வந்தால் வைஃபையில் குறையில்லை. இணையம் அப்போதும் இழுத்தால் கோளாறு வெளி இணைப்பில். நூற்றுக்கணக்கில் துள்ளினால் நெரிசல் தீரவில்லை. மூன்று சேனலிலும் அருகிலேயே பலமான ரவுட்டர்கள் ஓடினால் எண்ணை மாற்றிப் பயனில்லை. டிவியையும் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவதே வழி.